எட்டாண்டு இடைவெளியும் ஆறு மாதச் சிறையும்

மும்பைத் தமிழரின் வரன் தேடலில் ஒரு வாக்கியம் மட்டும் தலைமுறைகள் கடந்தும் மாறுவதில்லை. மாட்டுங்காவில் கோயில் வாசலில் கைமாறும் ஜாதகக் குறிப்பாயினும், செம்பூரில் கைப்பேசியில் வந்து சேரும் பயோடேட்டாவாயினும், தாராவிக்குத் திருநெல்வேலியிலிருந்து வந்த உறவினர் வாய்வழியாகச் சொல்லும் சேதியாயினும், "பையன் மூன்று முதல் ஆறு வயது மூத்தவனாக இருக்க வேண்டும்" என்ற நிபந்தனை அதில் இருக்கும். சாதியும் வருமானமும் ஊரும் வேறுபடும் இம்மூன்று இடங்களும் இந்த ஒன்றில் ஒத்துப்போகின்றன.

காரணம் கேட்டால் மூன்று விடைகள் வரும். பெண்ணுக்குப் பக்குவம் முன்னதாகவே வந்துவிடும் என்பது ஒன்று. மூத்தவன் விட்டுக்கொடுத்துப் போவான் என்பது இரண்டு. "ஒத்த வயதென்றால் யார் பேச்சை யார் கேட்பது?" என்பது மூன்று. முதல் இரண்டும் அலங்காரம். மூன்றாவதே உண்மையான விடை; பெரும்பாலும் அது தாழ்ந்த குரலில்தான் சொல்லப்படுகிறது.

இப்போது இந்த உரையாடலில் 'ஆராய்ச்சி' என்ற புதிய சாட்சியும் இழுத்துவரப்பட்டிருக்கிறது. கணவன் மனைவிக்கிடையே ஐந்து வயது வேறுபாடு இருந்தால் மணமுறிவு வாய்ப்பு 18 விழுக்காடு கூடும்; பத்து வயதென்றால் 39; இருபது வயதென்றால் 95. ஒத்த வயது மணத்தை ஆதரிப்போர் இந்த எண்களை வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார்கள். எதிர்த்தரப்பார், இளைய துணை வாய்த்தவர் மகிழ்ச்சியாக இருக்கிறார் என்னும் வேறோர் ஆய்வை அனுப்புகிறார்கள். இரு தரப்பும் ஒரே பிழையைச் செய்கின்றன. இரண்டு பிறந்த தேதிகளுக்கு இடையிலுள்ள கழித்தல் கணக்கே நெருக்கத்தையும் பூசலையும் உண்டாக்குகிறது என்று இரண்டுமே நம்புகின்றன.

முதலில் அந்த 18, 39, 95 எங்கிருந்து வந்தன என்று பார்க்கலாம். அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகத்துப் பொருளியலாளர்கள் ஆண்ட்ரூ பிரான்சிஸ், ஹியூகோ மியாலோன் இருவரும் 2014-இல் வெளியிட்ட ஆய்வு அது. அதன் மையக் கேள்வி வயது இடைவெளியே அன்று. திருமணத்துக்கும் மோதிரத்துக்கும் அதிகம் செலவிட்டால் மணவாழ்வு நீடிக்குமா என்பதுதான் அவர்கள் கேட்டது. இணையவழியில் 3,000-க்கும் மேற்பட்ட அமெரிக்கர்கள் விடையளித்தார்கள். வயது வேறுபாடு அந்தச் சமன்பாட்டில் சேர்க்கப்பட்ட பல மாறிகளுள் ஒன்று.

அந்த எண்களையே உற்று நோக்கினால் இன்னொன்றும் புலப்படும். 1.034 என்ற எண்ணை ஐந்து முறை பெருக்கினால் ஏறத்தாழ 1.18 வரும், பத்து முறை பெருக்கினால் 1.39-ஐ ஒட்டி வரும். இருபது முறை பெருக்கினால் 1.95 வரும். அதாவது பரப்பப்படும் மூன்று எண்களும் 'ஓர் ஆண்டுக்கு மூன்று விழுக்காட்டுக்குச் சற்று மேல்' என்ற ஒரே மதிப்பீட்டின் கூட்டுவட்டிக் கணக்கோடு பொருந்துகின்றன. இருபது வயது வேறுபாடுள்ள தம்பதியர் ஆயிரம் பேரைத் தேடிப் பிடித்து எண்ணிச் சொன்ன செய்தியாக 95-ஐ வாசிப்பது தவறு. மேலும் 18 விழுக்காடு கூடுதல் என்பது ஒப்பீட்டு அளவு. ஒரு காலத்தில் நூறு இணையருள் பத்து இணையர் பிரிந்தால், அது ஏறத்தாழ பன்னிரண்டு ஆகும் என்பதே அதன் பொருள். ஐந்தில் ஒருவர் பிரிவார் என்பது அதன் பொருளன்று.

இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்றுண்டு. மணமுறிவை அளவுகோலாக வைக்கும் எந்த ஆய்வும், வேண்டாமென்றால் பிரியக்கூடிய மனிதர்களைப் பற்றியது. 2011-12-இல் நடந்த இந்திய மனித மேம்பாட்டு ஆய்வில், தம் கணவரைத் தாமே தேர்ந்தெடுத்ததாகச் சொன்ன மணமான பெண்கள் நூற்றுக்கு ஐந்து பேர் அளவிலேயே இருந்தார்கள். தேர்வும் தன்னுடையதில்லை, பிரிவும் தன் கையிலில்லை என்ற நிலையில், ஒரு மணம் முறியவில்லை என்பதைக் கொண்டு அது நெருக்கமானது என்று எப்படி முடிவு செய்வது? பூட்டிய கதவுக்குள் இருப்பவர் வெளியே வரவில்லை என்பது அவருக்கு அந்த வீடு பிடித்திருக்கிறது என்பதற்குச் சான்றாகாது.

மணமுறிவை விட்டுவிட்டு மனநிறைவை அளந்தவர்களும் உண்டு. வாங்-ஷெங் லீ, டெரா மெக்கினிஷ் இருவரும் ஆஸ்திரேலியக் குடும்பங்களை ஆண்டுக்கு ஆண்டு பின்தொடர்ந்த கணக்கெடுப்பைக் கொண்டு 2018-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். இளைய மனைவியை உடைய ஆண்கள் தொடக்கத்தில் கூடுதல் நிறைவு தெரிவித்தார்கள். மூத்தவனே நல்ல கணவன் என்போர் இந்தப் பாதியை மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள். மறுபாதி இதுதான்: பெண்களும் இளைய கணவர் அமைந்தபோதே கூடுதல் நிறைவு தெரிவித்தார்கள், மூத்த கணவர் அமைந்தபோது குறைவாகவே தெரிவித்தார்கள். அந்தத் தொடக்க நிறைவும் ஆறு முதல் பத்து ஆண்டுகளுக்குள் கரைந்துபோயிற்று. குடும்பத்துக்குப் பொருளாதார அடி விழுந்தபோது, வயது வேறுபாடு மிகுந்த இணையரின் நிறைவு மற்றவர்களைவிட வேகமாகச் சரிந்தது. 'மூத்தவன் தாங்குவான்' என்ற நம்பிக்கைக்கு இந்த ஆய்வில் இடமே இல்லை. இவர்களும் ஒருவரையொருவர் விரும்பித் தேர்ந்தவர்களே என்பதை மறக்காமல் இருந்தால், இந்த ஆய்விலிருந்து அதற்குமேல் எதையும் மாட்டுங்காவுக்கு இறக்குமதி செய்யத் தோன்றாது.

வயது வேறுபாடு ஒரு மணத்தில் உண்மையில் என்ன செய்கிறது என்பதற்கு மும்பையே ஒரு வழக்கை வைத்திருக்கிறது. ருக்மாபாய் 1864-இல் இந்நகரில் பிறந்தார். அவருடைய தாய் ஜெயந்திபாய் பதினைந்து வயதில் தாயாகி, பதினேழு வயதில் கைம்பெண்ணானவர். பின்னர் மருத்துவர் சகாராம் அர்ஜுனை மறுமணம் செய்துகொண்டார். ருக்மாபாய்க்குப் பதினோரு வயதானபோது பத்தொன்பது வயது தாதாஜி பிகாஜிக்கு அவரை மணம் முடித்தார்கள். இடைவெளி எட்டு ஆண்டு. அக்காலத்து அளவில் இது எவர் புருவத்தையும் உயர்த்தியிருக்காது.

ருக்மாபாய் கணவன் வீட்டுக்குப் போகாமல் தாய்வீட்டிலேயே தங்கி, பள்ளி நின்றபின்னும் படிப்பைத் தொடர்ந்தார். 1884-இல் தாதாஜி அவரைத் தன்னிடம் அனுப்பக் கோரி வழக்குத் தொடுத்தார். 1885-இல் நீதிபதி பின்ஹே அதைத் தள்ளுபடி செய்தார். ஒருநாளும் சேர்ந்து வாழாதவர்களுக்கு 'மீண்டும் சேர்ந்து வாழும்' உரிமை எங்கிருந்து வரும் என்பது அவர் எழுப்பிய வினா. மேல்முறையீட்டில் 1886-இல் அத்தீர்ப்பு செல்லாது என்றானது. 1887 மார்ச்சில் நீதிபதி ஃபாரன், கணவனோடு வாழ வேண்டும், இல்லையேல் ஆறு மாதம் சிறை என்று ஆணையிட்டார். சிறைக்குச் செல்ல ஆயத்தம் என்று ருக்மாபாய் விடை சொன்னார். 1888-இல் தாதாஜிக்கு இரண்டாயிரம் ரூபாய் கொடுத்து வழக்கு சமரசத்தில் முடிந்தது. அடுத்த ஆண்டு லண்டன் சென்று மருத்துவம் பயின்ற ருக்மாபாய், திரும்பிவந்து சூரத்திலும் ராஜ்கோட்டிலும் பல்லாண்டு மருத்துவராகப் பணியாற்றினார்.

இந்த வழக்கில் எட்டாண்டு இடைவெளியின் பங்கு என்ன? முப்பது வயதுப் பெண்ணும் முப்பத்தெட்டு வயது ஆணும் மணந்தாலும் அதே எட்டாண்டுதான். கழித்தல் கணக்கு அவ்விரண்டு மணங்களையும் வேறுபடுத்திக் காட்டாது. வேறுபடுவது எண்ணின் ஒரு முனை எங்கே நிற்கிறது என்பது. பதினோரு வயதில் எட்டாண்டு என்பது ஒரு குழந்தைக்கும் ஓர் இளைஞனுக்கும் இடைப்பட்ட தொலைவு. பள்ளிப்படிப்பு எவருக்கு நின்றது, சம்மதம் எவரிடம் கேட்கப்படவில்லை, மறுத்தால் எவருக்குச் சிறை என்ற மூன்று கேள்விகளிலும்தான் அந்தத் தொலைவின் பொருள் இருக்கிறது. 'ஒரு இந்து மாது' என்ற புனைபெயரில் ருக்மாபாய் 1885-இல் டைம்ஸ் ஆஃப் இந்தியாவில் எழுதிய கடிதங்கள் இதைத்தான் பேசின. இளம்வயது மணம் பெண்ணின் கல்வியைப் பறிக்கிறது என்பதே அவருடைய வாதம்.

சட்டமோ இன்றுவரை கழித்தல் கணக்கை விடவில்லை. 1929-ஆம் ஆண்டுக் குழந்தை மணத் தடுப்புச் சட்டம் பெண்ணுக்கு 14, ஆணுக்கு 18 என்றது, இடைவெளி நான்கு. 1949-இல் பெண்ணின் வயது 15 ஆனது, இடைவெளி மூன்று. 1978-இல் 18, 21 என்றானது. இடைவெளி மீண்டும் மூன்று. வயது ஏறிக்கொண்டே போக, இடைவெளியைச் சட்டம் பொத்திப் பாதுகாத்திருக்கிறது. மனைவி கணவனைவிட இளையவளாகவே இருக்க வேண்டும் என்ற வார்ப்புக்கு இது துணைபோகிறது என்று சட்ட ஆணையம் 2018-இல் தன் கலந்தாய்வு அறிக்கையில் சுட்டிக்காட்டி, இருபாலருக்கும் 18 போதும் என்றது. பெண்ணுக்கும் 21 என்று உயர்த்த 2021-இல் கொண்டுவரப்பட்ட மசோதா நிறைவேறாமலே காலாவதியானது. ஆக, வாக்களிக்கவும் ஒப்பந்தமிடவும் இருவருக்கும் 18 போதும். மணத்துக்கு மட்டும் ஆண் மூன்றாண்டு முன்னே நடக்க வேண்டும்.

இதுவரை கணவன் மனைவி. உடன்பிறந்தாரிடம் வந்தால், 'வயதுக்கு மரியாதை' என்ற கொள்கை எவ்வளவு நேர்மையாகக் கடைப்பிடிக்கப்படுகிறது என்பது வெளிப்பட்டுவிடும்.

தமிழில் உடன்பிறந்தாரை வயதைத் தொடாமல் சொல்வது கடினம். அன்றாடப் பேச்சில் அண்ணன் உண்டு, தம்பி உண்டு, அக்கா உண்டு, தங்கை உண்டு. வயது சுட்டாத எளிய சொல் இல்லை. சகோதரன் என்பதும் உடன்பிறந்தார் என்பதும் மேடைக்கும் விண்ணப்பப் படிவத்துக்கும் உரியவை. பத்து நிமிட இடைவெளியில் பிறந்த இரட்டையரிலும் ஒருவர் அண்ணன் ஆகிவிடுகிறார்.

உடன்பிறந்தாரின் வயது இடைவெளி பற்றி ஆய்வுகள் ஓரளவு தெளிவாகவே பேசுகின்றன. வின்டல் ஃபர்மன், டுவைன் புர்மெஸ்டர் இருவரும் 1985-இல் அமெரிக்காவில் ஐந்தாம், ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் 198 பேரிடம் கேட்டபோது, நான்கு ஆண்டுக்குக் குறைவான இடைவெளி உள்ளவர்கள் சண்டையும் போட்டியும் அதிகம் என்றார்கள். இடைவெளி கூடியவர்கள் அன்பும் உதவியும் அதிகம் என்றார்கள். இதை மட்டும் வாசித்துவிட்டு 'நான்காண்டு விட்டுப் பெறுங்கள்' என்று அறிவுரை சொல்லலாம், சொல்லியும் வருகிறார்கள். ஆனால் அதே இருவரும் 1990-இல் மூன்றாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை உள்ளவர்களை ஒப்பிட்டபோது, வயது கூடக்கூட மூத்தவர் இளையவர் என்ற ஏற்றத்தாழ்வு தளர்ந்து உறவு சமநிலை நோக்கி நகர்வதைக் கண்டார்கள். ஆறு வயதில் மலையாகத் தெரியும் நான்காண்டு, இருபத்தாறு வயதில் வாசற்படி உயரம்கூட இல்லை.

இதைவிட முதன்மையானது ஜூடி டன், கரோல் கென்ட்ரிக் இருவரும் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் நாற்பது குடும்பங்களின் வீட்டுக்கே சென்று கவனித்து 1982-இல் வெளியிட்ட நூல். இரண்டாம் குழந்தை பிறக்குமுன் தொடங்கி, அது பதினான்கு மாதம் ஆகும்வரை கவனித்தார்கள். பிறந்த முதல் வாரங்களிலேயே, கைக்குழந்தைக்கும் விருப்பமும் வருத்தமும் உண்டு என்பதுபோல மூத்த பிள்ளையிடம் பேசிய தாய்மார்களின் வீடுகளில், ஓராண்டு கழித்து இரு பிள்ளைகளும் கூடுதல் நட்போடு இருந்தார்கள். 'ஏன் அழுகிறாள் என்று நினைக்கிறாய், பசிக்கிறதோ?' என்று மூத்தவனிடம் கேட்பது அத்தகைய பேச்சு. 'நீ பெரியவன், விட்டுக்கொடு' என்பது அத்தகைய பேச்சன்று. அதில் குழந்தையின் மனம் இல்லை, படிநிலை மட்டுமே இருக்கிறது. ஒரே இடைவெளியில் பிறந்த பிள்ளைகளும் வெவ்வேறு சொற்களுக்கு நடுவில் வளர்ந்தால் வெவ்வேறு உறவைப் பெறுகிறார்கள்.

இன்னொன்றும் உண்டு. இந்தியாவில் பிள்ளைகளுக்கிடையிலான இடைவெளியே தற்செயலானது அன்று. சீமா ஜெயச்சந்திரன், இலியானா குசியெம்கோ இருவரும் தேசியக் குடும்பநல ஆய்வுத் தரவுகளைக் கொண்டு 2011-இல் காட்டியது இது: பெண் குழந்தை பிறந்தால், அடுத்தது ஆணாக வேண்டும் என்ற அவசரத்தில் தாய் விரைவில் மீண்டும் கருவுற முனைகிறார், அதனால் பெண் குழந்தைக்குத் தாய்ப்பால் முன்னதாகவே நிறுத்தப்படுகிறது. எனவே 'நெருங்கிப் பிறந்தவர்களிடம் போட்டி அதிகம்' என்று இந்தியாவில் ஒருவர் கண்டறிந்தால், நெருக்கம்தான் போட்டியை உண்டாக்கியதா, மகனுக்கான அவசரம் இரண்டையும் உண்டாக்கியதா என்பதை முதலில் பிரித்தாக வேண்டும்.

தாராவியில் பத்துக்குப் பத்து அறையில் வாழும் ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்துகொள்ளலாம். மூத்தவள் பிறந்து ஒன்றரை ஆண்டில் தங்கை. அதற்கு இரண்டாண்டில் தம்பி. அதோடு நின்றுவிடுகிறது. மூத்தவளுக்குப் பத்து வயதாகும்போது தம்பிக்கு ஆறரை. குழாயில் தண்ணீர் வரும் நேரத்தில் குடத்தோடு வரிசையில் நிற்பவள், தம்பியைப் பள்ளிக்கு அழைத்துப் போகிறவள், அவன் தொலைத்த பென்சிலுக்குத் திட்டு வாங்குபவள் அவளே. காரணம் கேட்டால், 'நீ மூத்தவள்'. பதினைந்தாண்டு கழித்து அவளுக்கு இருபத்தைந்து, அவனுக்கு இருபத்தொன்றரை. அவள் எங்கே வேலைக்குப் போகலாம், எத்தனை மணிக்குள் திரும்ப வேண்டும், யாரை மணக்கலாம் என்பதில் இப்போது அவன் சொல்லும் செல்லும். காரணம் கேட்டால், 'அவன் ஆண்பிள்ளை'. அந்த மூன்றரை ஆண்டு மூப்பு எங்கே போயிற்று? சுமைக்குப் பயன்பட்டபோது அது எண்ணப்பட்டது. அதிகாரம் தர வேண்டியபோது எண்ணப்படவில்லை.

உடன்பிறந்தார் இடைவெளியும் தம்பதியர் இடைவெளியும் தனித்தனிப் பொருள்கள் என்று எண்ணுவோர் தமிழ்க் குடும்பங்களின் ஒரு பழைய முறையை நினைத்துப் பார்க்க வேண்டும். பல சமூகங்களில் தாய்மாமன் அக்காள் மகளை மணக்கலாம். தங்கை மகளை மணக்கலாகாது. இந்து திருமணச் சட்டம் மாமன் மருமகள் உறவைத் தடைசெய்துவிட்டு, வழக்காறு இருந்தால் விலக்கும் அளித்திருக்கிறது. இந்த மணத்தில் கணவன் மனைவி வயது வேறுபாட்டை உடன்பிறந்தார் இடைவெளியிலிருந்து நேராகவே கணக்கிடலாம். மகளைப் பெறும்போது அக்காவின் வயதிலிருந்து, அக்காவுக்கும் தம்பிக்கும் உள்ள இடைவெளியைக் கழித்தால் போதும். அக்கா பத்தாண்டு மூத்தவர், இருபது வயதில் மகளைப் பெற்றார் என்றால் வேறுபாடு பத்தாண்டு. அக்கா மூன்றாண்டே மூத்தவர், இருபத்திரண்டில் பெற்றார் என்றால் பத்தொன்பது ஆண்டு. தங்கை மகள் என்றால் கழிப்பதற்குப் பதில் கூட்ட வேண்டும். மூன்றாண்டு இளைய தங்கை இருபத்திரண்டில் பெற்ற மகளுக்கும் மாமனுக்கும் இருபத்தைந்து ஆண்டு.

இம்முறைக்கு உறவுமுறை ஆய்வாளர்கள் வேறு விளக்கங்களும் தருவார்கள். ஆயினும் இதில் ஒன்று வெளிப்படை: பத்தொன்பதாண்டு வேறுபாட்டைக்கூட முறைக்குள் அடக்க முடிந்த இச்சமூகம், மணமகள் ஓராண்டு மூத்தவள் என்றால் அதைத் தாங்குவதில்லை. வேறுபாடு பெரிது என்பது இங்கே குறையாகவே இல்லை; அது எந்தப் பக்கம் சாய்கிறது என்பதே கேள்வி.

ராஜர் பிரவுன், ஆல்பர்ட் கில்மன் இருவரும் 1960-இல் ஐரோப்பிய மொழிகளின் முன்னிலைச் சொற்களை ஆராய்ந்து, இருவரும் ஒருவரையொருவர் 'நீ' என்றே விளித்தால் அது நெருக்கத்தின் குறி, ஒருவர் 'நீ' என்றும் மற்றவர் 'நீங்கள்' என்றும் விளித்தால் அது அதிகாரத்தின் குறி என்று காட்டினார்கள். மும்பைத் தமிழ் வீடுகளில் இதைப் பொருத்திப் பார்ப்பது எளிது. பல வீடுகளில் தம்பி அக்காவை 'நீ' என்கிறான். அவள் ஐந்தாண்டு மூத்தவள். மனைவி கணவனை 'நீங்கள்' என்கிறாள். அவன் ஐந்தாண்டு மூத்தவன். வயதுதான் மரியாதைக்குக் காரணம் என்றால் இரண்டும் ஒன்றாக இருந்திருக்க வேண்டும். கல்லூரியில் ஒரே வகுப்பில் படித்து நான்காண்டு 'டா' போட்டுப் பேசிய இருவர் மணந்துகொண்டால், மறுநாள் மாமியார் முன்னிலையில் அவள் மட்டும் 'நீங்கள்'-க்கு மாறுகிறாள். ஓரிரவில் அவனுக்கு வயது கூடிவிடவில்லை. கணவனுக்கு உரிய 'நீங்கள்' முன்பே முடிவு செய்யப்பட்டுவிட்டது. அதற்கு இயற்கையான காரணம்போல் ஒன்று தேவைப்படுகிறது. ஆகவே மூத்தவனாகப் பார்த்துத் தேடுகிறார்கள்.

'எங்கள் தாத்தா பாட்டிக்குப் பன்னிரண்டு வயது வேறுபாடு. ஐம்பதாண்டு ஒற்றுமையாக வாழ்ந்தார்கள்' என்ற மறுப்பு உடனே வரும். வாழ்ந்திருக்கலாம், அன்போடும் வாழ்ந்திருக்கலாம். அதைத் தாத்தாவின் மூப்புக்குப் பரிசாகக் கொடுப்பதுதான் தவறு. அந்தப் பாட்டி வேண்டாமென்று சொல்லியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்ற கேள்விக்கு விடை தெரியாதவரை, அந்த ஐம்பதாண்டில் எவ்வளவு நெருக்கம், எவ்வளவு வேறுவழியின்மை என்று பிரித்துச் சொல்ல முடியாது. மேலும் அதே பன்னிரண்டாண்டுக்கு முதுமையில் ஒரு விலையுண்டு. பொதுவாகவே பெண்கள் சற்றுக் கூடுதல் காலம் வாழ்கிறார்கள். அதன்மேல் இந்த இடைவெளியும் சேரும்போது, கணவனின் கடைசிக்கால நோயைப் பார்ப்பவளும் அதன்பின் பத்தாண்டுக்கு மேல் தனித்திருப்பவளும் மனைவியே. 'மூத்தவன் தாங்குவான்' என்ற வாக்கியத்தில் யார் யாரைத் தாங்குகிறார் என்பது அப்போதுதான் தெரியவரும்.

எனவே பயோடேட்டாவில் இரு பிறந்த தேதிகளைக் கழித்துப் பார்ப்பதால் தெரியவருவது மிகக் குறைவு. இடைவெளி மூன்றோ, சுழியமோ, பெண் நான்காண்டு மூத்தவளோ, கேட்க வேண்டியவை வேறு. மணம் பேசும்போது இருவருக்கும் படிப்பு முடிந்து கையில் சொந்த வருமானம் இருக்கிறதா? வேண்டாமென்று சொன்ன பின்னும் அவள் அதே வீட்டில் அதே மரியாதையோடு இருக்க முடியுமா? அவன் 'நீ' என்றால் அவளும் 'நீ' எனலாமா? பிள்ளைகளைப் பொறுத்தவரை, மூத்தவள் என்பதற்காகச் சுமை தந்த வீடு மூத்தவள் என்பதற்காக ஒரு முடிவையாவது அவளிடம் விட்டதா? இவற்றுக்கு 'ஆம்' என்று விடை வரும் வீட்டில் எட்டாண்டும் பெரிய இடைவெளியன்று. 'இல்லை' என்று வரும் வீட்டில் எட்டு நாளும் போதும்.

ருக்மாபாய் 1955 செப்டம்பரில், தொண்ணூறு வயதில் மறைந்தார். அதற்கு நான்கு மாதங்களுக்கு முன், அதே ஆண்டு மே மாதத்தில், சுதந்திர இந்தியாவின் இந்து திருமணச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அதில் மணமகனுக்கு 18, மணமகளுக்கு 15 என்று மூன்றாண்டு இடைவெளி எழுதப்பட்டிருந்தது. அதன் ஒன்பதாவது பிரிவில், எழுபதாண்டுக்கு முன் தாதாஜி எந்தக் கோரிக்கையோடு நீதிமன்றம் போனாரோ, அந்தச் 'சேர்ந்து வாழும் உரிமையை மீட்கும்' வழியும் எழுதப்பட்டிருந்தது. அந்தப் பிரிவு இன்றும் நடப்பில் இருக்கிறது.